ஓடும் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிக்கோடு: ரியர் கர்ட்டன் ஃப்ளாஷ், படிப்படியாக

இரவில் ஒரு சைக்கிள் இடமிருந்து வலமாகப் போகிறது. பின்விளக்கு எரிகிறது. ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தால் அந்த விளக்கு ஒரு சிவப்புக் கோடாக விழும். கோட்டோடு சைக்கிளும் ஓட்டுபவரும் தெளிவாக நிற்க வேண்டுமென்றால் ஃப்ளாஷ் வேண்டும்.

கேமராக்கள் வழக்கமாக ஷட்டர் திறந்த உடனேயே ஃப்ளாஷை அடிக்கும். அப்போது சைக்கிள் முதலில் பதிந்துவிடும். பிறகு விளக்கு நகர்ந்து, சைக்கிளைத் தாண்டி முன்பக்கம் கோடு போடும். படத்தைப் பார்ப்பவருக்கு சைக்கிள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தோன்றும். ரியர் கர்ட்டனில் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்புதான் ஃப்ளாஷ் அடிக்கும். முதலில் கோடு, கடைசியில் சைக்கிள். அதனால் கோடு பின்னால் இழுபடுகிறது.

மெனுவில் இதை மாற்றுவது சுலபம். ஆனால் மாற்றிய பிறகும் பலருக்குப் படம் வருவதில்லை. காரணம் ஒன்றுதான்: பொத்தானை அழுத்தும்போது சைக்கிள் எங்கே இருக்கிறதோ அந்த இடம் படத்தில் வரப்போவதில்லை. அரை நொடி கழித்து அது போய்ச் சேரும் இடம்தான் வரும். ஃபோகஸ், ஃப்ளாஷ் அளவு, அழுத்தும் நேரம் எல்லாவற்றையும் அந்த இன்னும் வராத இடத்துக்காக முன்கூட்டியே அமைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

ஒரு சைக்கிள், முக்காலியில் அசையாத கேமரா, கேமராவின் மேலேயே ஒரு ஃப்ளாஷ் என்று வைத்துக்கொள்கிறேன். மோட்டார் வாகனத்தை எடுக்கவில்லை. சைக்கிளை ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லலாம். ஓட்டுபவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். சாலையில் போகும் யாரோ ஒருவர் மேல் இருட்டில் ஃப்ளாஷ் அடிப்பது அவரைக் கீழே தள்ளிவிடக்கூடிய செயல். அதைச் செய்யாதீர்கள்.

## 1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முக்காலி, வெளி ஃப்ளாஷ், கம்பி ரிமோட் அல்லது வயர்லெஸ் ரிமோட், டார்ச், ஒரு சாக்பீஸ், கறுப்பு டேப், அளவு டேப். ஃப்ளாஷுக்கு மாற்று பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல படத்துக்கு இருபது முப்பது முறை அடிக்க வேண்டியிருக்கும்.

ரிமோட் இல்லாதவர்கள் கேமரா ஆடாமல் இருக்க 2 நொடி டைமரை வைத்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு அது ஒத்துவராது. அரை நொடி முன்னால் கணிப்பதே கடினம். டைமர் வைத்தால் இரண்டரை நொடி முன்னால் கணிக்க வேண்டும். ரிமோட் இல்லையென்றால் விரலால் மெதுவாக அழுத்துங்கள், அது பரவாயில்லை.

ஓட்டுபவர் வெளிர் நிறச் சட்டை போட்டு வரட்டும். இதற்கான காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

## 2. இருட்டான பின்னணியைத் தேடுங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடை வெளிச்சம், விளம்பரப் பலகை எல்லாம் பின்னால் தெரிந்தால் படம் அழகாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஓட்டுபவரின் உடம்பு வழியாகக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது, பேயைப் போல.

ஏன் அப்படி? ஷட்டர் திறந்திருக்கும் அரை நொடியில் பெரும்பகுதி நேரம் சைக்கிள் கடைசி இடத்துக்கு வந்திருக்காது. அந்த நேரமெல்லாம் அங்கே பின்னணிதான் சென்சாரில் பதிந்துகொண்டிருக்கும். கடைசிக் கணத்தில் ஃப்ளாஷ் அடித்து ஓட்டுபவரை அதே இடத்தில் பதிக்கிறது. முன்பு பதிந்தது அழியாது. அதன் மேல்தான் இவர் விழுகிறார். பின்னணி இருட்டாக இருந்தால் முன்பு பதிந்தது ஒன்றுமில்லை, அதனால் உடம்பு கெட்டியாகத் தெரியும்.

வெளிர் நிறச் சட்டை கேட்டதும் இதனால்தான். கறுப்புச் சட்டை ஃப்ளாஷ் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அந்த இடத்தில் பின்னணி தூக்கித் தெரியும். வெள்ளையும் மஞ்சளும் நல்ல பலன் தருகின்றன.

ஆகவே மதில் சுவர், மரவேலி, இருட்டான காலி மனை போன்ற ஒன்று பின்னால் இருக்கும், வண்டிகள் வராத தெருவைத் தேடுங்கள். நான் எடுப்பது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஒரு முட்டுச் சந்தில். கோடு ஓடும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து முக்கால் மீட்டர் அளவில், பின்னால் பிரகாசமாக எதுவும் இல்லையா என்று மட்டும் தனியாகப் பாருங்கள்.

## 3. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

பின்விளக்கு விட்டுவிட்டு மின்னும் நிலையில் இருந்தால் கோடு துண்டு துண்டாக வரும். நிலையாக எரியும் நிலைக்கு மாற்றுங்கள். சில எல்இடி விளக்குகள் மங்கலான நிலையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். படத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். முழு வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின்விளக்கு நேராகப் பின்னோக்கி இருந்தால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அதிகம் தெரியாது. கேமரா பக்கம் சற்றுத் திருப்பிக் கட்டுங்கள். கோடு மங்கலாக வருவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இது.

முன்விளக்கை அணைத்துவிடுங்கள். பின்விளக்கு போடும் கோடு சைக்கிளின் பின்முனையோடு நின்றுவிடும். முன்விளக்கு அப்படியல்ல. அது சைக்கிளின் முன்னால் இருப்பதால், கடைசியில் ஓட்டுபவரின் கால் இருக்கப்போகும் இடத்தை ஏற்கனவே கடந்து வந்திருக்கும். அதனால் அதன் கோடு காலையும் சைக்கிள் சட்டத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். முன்விளக்கு இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதாலும்தான் வண்டி வராத இடத்தைக் கேட்டேன்.

அப்புறம், சக்கரக் கம்பிகளிலும் பெடலிலும் உள்ள ரிஃப்ளெக்டர்கள். ஃப்ளாஷ் கேமராவின் மேலேயே இருப்பதால் அவை வெளிச்சத்தை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். படத்தில் வெள்ளைப் பொட்டுகளாக எரிந்து போயிருக்கும். கறுப்பு டேப்பால் மூடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் டேப்பை உரித்து, முன்விளக்கையும் போட்டுவிடுங்கள். ஓட்டுபவர் அதே சைக்கிளில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

## 4. ரியர் கர்ட்டன் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

கேனானில் ஃப்ளாஷ் மெனுவுக்குள் `Shutter sync.` என்ற இடத்தில் `2nd curtain` தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கானில் ஃப்ளாஷ் நிலைகளில் `REAR` என்று வரும். சோனியில் `Flash Mode` என்பதில் `Rear Sync.` இருக்கும்.

அதோடு ஃப்ளாஷை டிடிஎல் நிலையிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். டிடிஎல் என்றால் கேமரா ஒரு சிறிய முன் மின்னலை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, அதன்படி ஃப்ளாஷின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த முன் மின்னல் ஷட்டர் திறப்பதற்கு முன் அடிக்கிறது. அப்போது சைக்கிள் வேறு இடத்தில் இருக்கிறது. அது அளப்பது சைக்கிளையே அல்லாமல் சுவரையாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் வெளிச்சம் ஒவ்வொரு மாதிரி வரும்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் தடவை என் அக்கா மகனை ஓட்டச் சொல்லி எடுத்தபோது டிடிஎல்-லில் விட்டுவிட்டேன். முன் மின்னலைப் பார்த்ததும் படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து அவன் பிரேக் பிடித்துவிட்டான். "மாமா, ரெண்டு தடவை மின்னுதே, எதுல நிறுத்தணும்?" என்று கேட்டான். மேனுவலில் ஒரே ஒரு மின்னல்தான், அதுவும் கடைசியில்.

ரெட் ஐ குறைக்கும் வசதியையும் அணையுங்கள். ஷட்டர் மெக்கானிக்கலில் இருக்கட்டும். சைலன்ட் ஷட்டரில் பல கேமராக்கள் ஃப்ளாஷையே அடிக்காது.

இப்போது சோதனை. ஷட்டரை 2 நொடிக்கு வைத்து அழுத்துங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டு நொடி முடியும்போது ஃப்ளாஷ் அடித்தால் சரி. அழுத்தியவுடனே அடித்தால் அமைப்பு ஏற்கப்படவில்லை. கேமராவுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவில் மலிவான ட்ரிக்கரோ, அடியில் ஒரே ஒரு தொடர்புப் புள்ளி மட்டும் உள்ள ஃப்ளாஷோ இருந்தால் இப்படி ஆகும். கேனான் போன்ற சில கேமராக்கள் அந்த ஒற்றைத் தொடர்பு வழியாக ஷட்டர் திறக்கும் கணத்தை மட்டுமே சொல்லும். ஃப்ளாஷுக்குக் கடைசிக் கணம் தெரியாது. கேமராவோடு பேசக்கூடிய ஃப்ளாஷை நேரடியாக மேலே பொருத்திவிடுங்கள். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

## 5. தரையில் கோடும் குறிகளும்

சைக்கிள் ஓட வேண்டிய பாதையை சாக்பீஸால் நேர்கோடாகப் போடுங்கள். கேமராவை அதற்குச் செங்குத்தாக 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முழு ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், அல்லது ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் இருந்தால், இந்தத் தூரத்தில் படத்தின் அகலம் ஏறத்தாழ 5 மீட்டர். கணக்குக்கு வசதியான அளவு.

படத்தின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி, கோட்டின் மேல் ஒரு குறுக்குக் குறி போடுங்கள். ஃப்ளாஷ் அடிக்கும்போது முன்சக்கரம் தொட வேண்டிய இடம் இது. இதை ஃப்ளாஷ் குறி என்று சொல்கிறேன். ஓட்டுபவரை சைக்கிளோடு அங்கே நிற்கச் சொல்லி, டார்ச் அடித்து அவர் மேல் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸில் விட்டால் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிப்பதற்குள் சைக்கிள் போய்விடும். அவர் கோட்டின் மேலேயே ஓட்டினால் ஃபோகஸும் ஃப்ளாஷ் தூரமும் மாறாது. அரை மீட்டர் உள்ளே வந்தாலே வெளிச்சம் கூடிவிடும்.

## 6. முதலில் கோடு, பிறகு பின்னணி, கடைசியில் ஃப்ளாஷ்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்றும் வெவ்வேறு விஷயங்களுக்குக் கட்டுப்பட்டவை.

கோட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது ஷட்டர் நேரமும் சைக்கிளின் வேகமும். தரையில் 8 மீட்டர் அளந்து, அதை 2 நொடியில் கடக்கும்படி ஓட்டிப் பழகச் சொல்லுங்கள். நொடிக்கு 4 மீட்டர், சாதாரண வேகம்தான். அரை நொடியில் 2 மீட்டர் கோடு கிடைக்கும். சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். 5 மீட்டர் படத்தில் இரண்டும் அடங்கி, இருபுறமும் சற்று இடமும் மிஞ்சும். ஆகவே ஷட்டர் 1/2 நொடி. இனி அதைத் தொடக்கூடாது.

கோட்டின் பிரகாசம் ஷட்டர் நேரத்தைப் பொறுத்ததல்ல. இது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கிறது. விளக்கு ஓடிக்கொண்டே இருப்பதால், கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அது ஒரு சிறு கணம்தான் இருக்கிறது. ஷட்டரை நீட்டினால் கோடு நீளும், பிரகாசம் கூடாது. பிரகாசத்தைக் கூட்ட அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டும். f/5.6, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள்.

இப்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு, சைக்கிள் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். பின்னணி மங்கலாக, மீட்டர் காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் குறைவாக இருந்தால் போதும். அதைவிடப் பிரகாசமாக இருந்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். ஷட்டரைக் குறைக்கத்தான் கை போகும். குறைத்தால் கோடு சுருங்கிவிடும். ஐஎஸ்ஓவைக் குறைத்ததில் கோடு மிகவும் மங்கிவிட்டால் அந்த இடம் இந்த வேலைக்குச் சரியில்லை என்று பொருள். அமைப்புகளோடு போராடாமல் இன்னும் இருட்டான இடத்துக்குப் போங்கள், அல்லது இன்னும் பிரகாசமான பின்விளக்கு மாட்டுங்கள்.

கடைசியாக ஃப்ளாஷ். ஷட்டர் அரை நொடியோ ஒரு நொடியோ, ஃப்ளாஷின் வெளிச்சத்துக்கு அதில் மாற்றமில்லை. அது அடித்து முடிவது அவ்வளவு சின்ன நேரம். அதன் அளவைத் தூரம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, பவர் நான்கும் தீர்மானிக்கின்றன. உங்கள் ஃப்ளாஷின் கைடு நம்பர், அதாவது அதன் வலிமையைச் சொல்லும் எண், அந்த லென்ஸ் கோணத்துக்கு, ஐஎஸ்ஓ 100-ல், மீட்டர் கணக்கில் 36 என்று வைப்போம். ஐஎஸ்ஓ 400-ல் அது இரட்டிப்பாகி 72 ஆகும். 5 மீட்டரால் வகுத்தால் 14. முழு பவருக்கு f/14 வேண்டும். நாம் வைத்திருப்பது f/5.6, அது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஸ்டாப் கூடுதலாகத் திறந்தது, அதனால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பவர் போதும். 1/8-ல் தொடங்குங்கள். ஓட்டுபவரைக் குறியில் நிற்கவைத்தே ஒரு படம் எடுத்து, குறைவாக இருந்தால் 1/4-க்குக் கூட்டுங்கள்.

பவர் குறைவாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. பெரும்பாலான கேமரா ஃப்ளாஷ்களில் பவரைக் குறைத்தால் மின்னல் நேரமும் குறையும். முழு பவரில் மின்னல் 1/250 நொடி நீடித்தால் அதற்குள் சைக்கிள் ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஓரங்கள் மழுங்கும். 1/8-ல் ஓரங்கள் கூர்மையாக நிற்கும்.

## 7. எப்போது அழுத்துவது

புதியவர்கள் சைக்கிள் படத்துக்குள் சரியான இடத்துக்கு வந்ததும் அழுத்துகிறார்கள். சாதாரணப் படத்துக்குப் பழகிய விரல் அதைத்தான் செய்யும். அதற்குப் பிறகு அரை நொடியில் சைக்கிள் இன்னும் 2 மீட்டர் போய்விடும். படத்தில் நீளமான சிவப்புக் கோடும் ஓரத்தில் பின்சக்கரத்தில் பாதியும்தான் இருக்கும்.

ஃப்ளாஷ் குறிக்கு 2 மீட்டர் முன்னால் இரண்டாவது குறி போடுங்கள். இது அழுத்தும் குறி. முன்சக்கரம் அதைத் தொடும்போது ஷட்டர் திறந்தால், ஃப்ளாஷ் குறியைத் தொடும்போது ஃப்ளாஷ் அடிக்கும். ஆனால் கண் பார்த்து, விரல் அழுத்தி, கேமரா திறப்பதற்கு நேரம் ஆகும். 0.1 நொடி தாமதமானாலே 40 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஆகவே அழுத்தும் குறியை 2.5 மீட்டரில் போட்டுத் தொடங்குங்கள்.

வ்யூஃபைண்டரைப் பார்க்காதீர்கள். முக்காலியின் பக்கத்தில் நின்று தரையில் உள்ள குறியைப் பாருங்கள். இருட்டில் சாக்பீஸ் தெரியாவிட்டால் படத்துக்கு வெளியே, கேமரா பக்கமாக, குறிக்கு நேராக ஒரு வெள்ளைக் கல்லை வைத்துக்கொள்ளலாம்.

படம் தவறினால் விரலின் வேகத்தை மாற்றாதீர்கள், குறியை நகர்த்துங்கள். விரல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதிக்கும். அதைத் திருத்தப் போனால் இரண்டும் குழம்பிவிடும்.

ஓட்டுபவருக்கும் இரண்டு சொற்கள்: அழுத்தும் குறிக்கு முன்பே பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளவிடச் சொல்லுங்கள், கோடு அலையாமல் நேராக வரும். கேமராவைப் பார்க்காமல் முன்னால் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

## 8. ஒரு இரவின் கணக்கு

அக்கா மகனோடு எடுத்த அந்த இரவில், டிடிஎல்-லை அணைத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 1/2 நொடி, f/5.6, ஐஎஸ்ஓ 400, ஃப்ளாஷ் 1/8. அழுத்தும் குறியை அப்போது சரியாக 2 மீட்டரில்தான் போட்டிருந்தேன்.

முதல் ஐந்து படங்களிலும் முன்சக்கரம் வலது ஓரத்தைத் தொட்டோ வெட்டுப்பட்டோ வந்தது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பிந்துகிறேன் என்று தெரிந்தது. குறியை அந்த அளவுக்குப் பின்னால் நகர்த்தினேன். அடுத்த ஓட்டத்திலேயே சைக்கிள் முழுதாக உள்ளே வந்தது.

இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. அவன் தோளுக்குப் பின்னால் சுவரில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்த ஒரு திட்டு, தோள் வழியாகவே தெரிந்தது. ஐஎஸ்ஓவை 200-ஆகக் குறைத்து, ஃப்ளாஷை 1/4-க்கு ஏற்றினேன். திட்டு மறைந்தது, அவன் அதே வெளிச்சத்தில் நின்றான், ஆனால் கோடு மெலிந்துவிட்டது. விளக்கை இன்னும் கொஞ்சம் கேமரா பக்கம் திருப்பிய பிறகு கோடு பழையபடி வந்தது. மொத்தம் இருபத்தேழு ஓட்டம், வைத்துக்கொண்டது மூன்று.

## 9. படத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிப்பது

கோடு சைக்கிளுக்கு முன்னால் ஓடினால் ஃப்ளாஷ் தொடக்கத்திலேயே அடித்திருக்கிறது. 2 நொடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கேமராவை அணைத்துப் போட்டபோதோ ஃப்ளாஷைக் கழற்றி மாட்டியபோதோ அமைப்பு மாறியிருக்கலாம்.

கோடு சரியாக இருந்து சைக்கிளே இல்லையென்றால் இரண்டு காரணங்கள் உண்டு. சைக்கிள் படத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். அப்போது கோடு வலது ஓரம் வரை ஓடியிருக்கும். கோடு நடுவிலேயே நின்றிருந்தால் ஃப்ளாஷ் அடிக்கவில்லை. முந்தைய முறைக்குப் பிறகு அது மறுபடி நிறைவதற்கு முன் அழுத்தியிருப்பீர்கள். ஃப்ளாஷின் தயார் விளக்கு எரிந்த பிறகே அடுத்த ஓட்டத்துக்குக் கை காட்டுங்கள்.

சைக்கிளின் ஓரத்தில் மங்கலான நிழல் இழுபட்டிருந்தால், தெருவிளக்கு ஓட்டுபவர் மேலேயே விழுகிறது. அவர் நகரும்போது அந்த வெளிச்சமும் சேர்ந்து பதிகிறது. கொஞ்சம் இருந்தால் வேகம் தெரியும், எனக்குப் பிடிக்கும். முகம் குழம்பும் அளவுக்கு இருந்தால் பாதையைத் தெருவிளக்கிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

எல்லாம் சரியாக வந்த பிறகு, சைக்கிளை வலமிருந்து இடமாகவும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அப்போது இரண்டு குறிகளையும் இடம் மாற்றிப் போட வேண்டும். பின்விளக்கையும் மறுபக்கமாகத் திருப்ப வேண்டும். முன்பு கேமரா பக்கம் சாய்ந்திருந்தது இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.